நீதிமன்றத்தில் இல்லாத லெகசோவ்

‘டவுன்டன் அபே’ தொடரில் 1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கியது சரித்திரம். அச்செய்தி கேட்டுக் கலங்கும் கிராலி குடும்பத்தார் கற்பனை. இவ்வாறு காலத்தை மெய்யாக வைத்து மாந்தரைப் புனைந்துகொள்வது சரித்திர நாடகம். ஆவண நாடகமோ, உண்மையில் வாழ்ந்தவர்களை அவர்தம் பெயராலேயே நம்முன் நிறுத்தி, நிகழ்ந்தவற்றையே காட்டுவதாக வாக்களித்து, பதிவு எதுவும் இல்லாத அந்தரங்கச் சம்பாஷணைகளை மாத்திரம் ஊகத்தால் நிரப்புவது. ஆவண நாடகத்தின் கோலம் பூண்டு, சரித்திர நாடகத்தின் சுதந்திரத்தையும் எடுத்துக்கொள்ளும் தொடர்களிடத்தேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும்.

1986 ஏப்ரல் 26 அன்று நேர்ந்த அணு உலை விபத்தைச் சொல்லும் ‘செர்னோபில்’ (2019) அத்தகையது. அதன் இறுதிப் பகுதியில் விஞ்ஞானி லெகசோவ் நீதிமன்றத்தில் நின்று உலையின் குறைகளை எடுத்துரைக்கும் காட்சி, பார்ப்பவர் நெஞ்சில் ஆழப் பதிவது. ஐயம் தோன்றும் எந்தக் காட்சியையும், யார் இருந்தார், எங்கே நிகழ்ந்தது, எந்நாளில் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தொடருக்குப் புறம்பான பதிவுகளில் தேடுவதே சரியான வழி. அவ்வாறு தேடினால், 1987 ஜூலையில் செர்னோபில் நகரில் விசாரணை நடந்தது மெய்யென்றும், தொடரில் மூவராகக் காட்டப்படும் பிரதிவாதிகள் உண்மையில் அறுவர் என்றும், லெகசோவ் அங்கே வரவேயில்லை என்றும் தெரியவரும். அவர் விரிவாகப் பேசியது 1986 ஆகஸ்டில், வியன்னாவில் கூடிய நிபுணர்கள் முன்னிலையில்.

காலம் மாற்றப்பட்ட நிகழ்ச்சியைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனெனில் நிகழ்ச்சி பொய்யன்று. விபத்தை ஒட்டிய நாட்களில் ஹெலிகாப்டர் விழுவதாகத் தொடர் காட்டுகிறது. பாரந்தூக்கியின் கம்பியில் மோதி அது விழுந்த மெய்யான படச்சுருளும் கிடைக்கிறது, ஆயினும் அது அவ்வாண்டு அக்டோபரில் எடுத்தது. ஆகவே, ‘இது நடந்ததா?’ என்பதோடு நில்லாமல் ‘எப்போது?’ என்றும் கேட்டல் வேண்டும்.

உலானா கோமியுக் என்னும் பெண் விஞ்ஞானி, பல விஞ்ஞானிகளின் உழைப்பை ஒருவர்மேல் ஏற்றிப் படைத்த பாத்திரம் என்பதை இறுதியில் தோன்றும் எழுத்துகளே ஒப்புக்கொள்கின்றன. தொடரை எழுதிய கிரேக் மேசினும் தாம் செய்த மாற்றங்களை உடன் வெளியிட்ட ஒலி உரையாடல்களில் விளக்கியிருக்கிறார். இந்த நேர்மை போற்றத்தக்கது. ஆனால் அதே இறுதி எழுத்துகளையும் அப்படியே நம்பிவிடலாகாது. ரயில் பாலத்தில் நின்று தீயைப் பார்த்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை எனச் சொல்லப்படுவதாக அங்கே ஒரு வாசகம் வருகிறது. கடுங்கதிர்வீச்சு நோய்க்கு ஆளானோர் என ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு உறுதிசெய்த 134 பேரும் நிலைய ஊழியரும் மீட்புப் பணியினருமே. பாலத்தில் நின்ற ஊர்மக்கள் அக்கணக்கில் இல்லை. ‘சொல்லப்படுகிறது’ என்று எழுதியிருக்கும் இடத்தில், சொன்னவர் யார் என்று தேடத் தொடங்க வேண்டும்.