கழித்தால் குறையாத ஐயம்

கையடக்கக் கதிர்வீச்சுமானி ஒன்றை மீன் மீதோ உப்புப் பொட்டலத்தின் மீதோ வைத்து, திரையில் ஏறும் எண்ணைக் காட்டும் காணொளிகள் அவ்வப்போது பரவுகின்றன. அச்சம் ஒரு பக்கம் எழுகிறது. 'எதுவும் கண்டறியப்படவில்லை' என்ற மறுப்பு மறுபக்கம் வருகிறது. எந்தக் கணக்கின்படி ஓர் எண் 'அதிகம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லப்படுகிறது என்பதை இரு தரப்பும் விளக்குவதில்லை. விற்பவரின் பிழைப்பும் உண்பவரின் நலமும் அந்தக் கணக்கில்தான் தங்கியிருக்கின்றன. கதிரியக்க அளவீட்டில் பழகியவன் என்ற முறையில், அக்கணக்கை இங்கே விளக்க முற்படுகிறேன்.

ஓர் அணுக்கரு எப்போது சிதையும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. சராசரியாக நிமிடத்துக்கு எத்தனை சிதையும் என்று மட்டுமே சொல்ல முடியும். 1910-இல் ரூதர்ஃபோர்டும் கைகரும் பொலோனியத்திலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா துகள்களை 2,608 சிறு கால இடைவெளிகளில் எண்ணினர். ஓர் இடைவெளிக்குச் சராசரி 3.87 துகள்கள். ஆயினும் 57 இடைவெளிகளில் ஒரு துகள்கூட வரவில்லை. பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சானின் பெயரால் வழங்கும் பரவலின்படி 54 இடைவெளிகள் அவ்வாறு வெறுமையாக இருந்திருக்க வேண்டும். கணக்கும் காட்சியும் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்தின.

இப்பரவலின் சிறப்பு, எண்ணிக்கையே தன் ஐயப்பாட்டையும் சொல்லிவிடுகிறது என்பதாகும். ஒரு முறை எண்ணிக் கிடைத்தது 200 என்றால், அதன் திட்ட விலக்கம் 200-இன் வர்க்கமூலம். அதாவது ஏறத்தாழ 14. எதுவுமே மாறாத நிலையில் மீண்டும் எண்ணினால் 190 வரலாம், 215-உம் வரலாம். அது கருவியின் பழுதன்று, இயற்கையின் இயல்பு.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மீன் மாதிரியை உலர்த்திப் பொடித்து, ஈயக் கவசத்துக்குள் இருக்கும் எண்ணும் கருவியில் வைக்கிறோம் என்று கொள்வோம். பத்து நிமிடங்களில் 230 எண்ணிக்கைகள் பதிவாகின்றன. ஆனால், அவை அனைத்தும் மீனிலிருந்து வந்தவை அல்ல. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், சுவரிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம், காற்றில் கலந்த ராடான் ஆகிய அனைத்தும் கருவியைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. எனவே மாதிரியை எடுத்துவிட்டு, வெறும் கலத்தை வைத்து மீண்டும் பத்து நிமிடங்கள் எண்ணுகிறோம், 200 வருகிறது. இதுவே பின்னணி. வேறுபாடு 30, நிகர எண்ணிக்கை வீதம் நிமிடத்துக்கு 3.

இந்த மூன்றை எவ்வளவு நம்பலாம்? நிகரம் 30 என்பதால் அதன் வர்க்கமூலமான 5.5-தான் ஐயப்பாடு என்று சிலர் கொள்வதுண்டு. அப்படியானால் விடை 3 ± 0.55, ஐயத்துக்கே இடமில்லாதது போலத் தோன்றும். அது தவறு. நாம் 30 துகள்களை எண்ணவில்லை. 230-ஐ எண்ணினோம், பிறகு 200-ஐ எண்ணினோம். இரண்டும் தனித்தனியே ஊசலாடுபவை. எண்ணிக்கைகளைக் கழிக்கலாம், ஐயப்பாடுகளைக் கழிக்க முடியாது. அவற்றின் வர்க்கங்கள் கூடவே செய்யும். 230-உம் 200-உம் கூட்டினால் 430. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 20.7, பத்து நிமிடங்களால் வகுத்தால் 2.07. ஆகவே சரியான விடை, நிமிடத்துக்கு 3 ± 2.1.

மீனில் எதுவுமே இல்லாத நிலையிலும் இத்தகைய வேறுபாடு தற்செயலாகத் தோன்றக்கூடும். ஏறக்குறைய பதினைந்து முறைக்கு ஒரு முறை. நாளொன்றுக்கு முப்பது மாதிரிகளைச் சோதிக்கும் கூடத்தில், தூய்மையான மீன்களில் சராசரியாக இரண்டு இப்படி 'அகப்பட்டுக்கொள்ளும்'.

இதைத் தவிர்க்கவே, 1968-இல் லாயிட் கியூரி என்ற வேதியியலாளர் இரண்டு எல்லைகளைப் பிரித்துக் காட்டினார். முதலாவது, முடிவெடுக்கும் வரம்பு. மாதிரியையும் பின்னணியையும் சம நேரம் எண்ணினால், பின்னணியின் வர்க்கமூலத்தை 2.33-ஆல் பெருக்கி இதைப் பெறலாம். நம் எடுத்துக்காட்டில் அது 33. நமக்குக் கிடைத்த 30 அதைத் தாண்டவில்லை. எனவே 'கண்டறியப்பட்டது' என்று சொல்லக் கூடாது. இரண்டாவது, கண்டறி எல்லை. வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.71-ஐக் கூட்டினால், இங்கே ஏறத்தாழ 68. மெய்யான நிகரம் இந்த அளவு இருந்தால்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை அது நம் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே 'கண்டறியப்படவில்லை' என்பதன் பொருள் 'இல்லை' என்பதன்று; 'நிமிடத்துக்கு ஏறத்தாழ ஏழுக்கு மேல் இருந்திருந்தால் பெரும்பாலும் தெரிந்திருக்கும்' என்பதே. கண்டறி எல்லையைக் குறிப்பிடாத மறுப்பு அறிக்கை, பின்னணியைக் குறிப்பிடாத காணொளிக்குச் சற்றும் மேலானதன்று.

ஐயத்தைக் குறைக்க வழி பொறுமைதான். அதே மாதிரியையும் பின்னணியையும் தலா நூறு நிமிடங்கள் எண்ணி 2,300-உம் 2,000-உம் வந்தால், வீதம் அதே 3. ஐயப்பாடு மட்டும் 0.66 ஆகச் சுருங்குகிறது. நிகரமான 300, புதிய கண்டறி எல்லையான 211-ஐயும் கடந்துவிடுகிறது. நேரம் பத்து மடங்கு கூடினால் ஐயம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது, அவ்வளவே. இந்த நேரத்தை மாதிரிக்கு மட்டும் தந்து பின்னணியை அவசரமாக முடிப்பதும் பயன் தராது. மாதிரிக்குப் பத்து நிமிடமும் பின்னணிக்கு ஒரு நிமிடமும் ஒதுக்கினால், 3 ± 4.7 என்ற பொருளற்ற விடைதான் மிஞ்சும். மெலிந்த மாதிரிக்கு இரண்டையும் ஏறத்தாழச் சம நேரம் எண்ணுவதே சிக்கனம்.

இடமும் முக்கியம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் அடங்கிய மோனசைட் மணல் இயற்கையாகவே உண்டு. அத்தகைய ஓரிடத்தில் பின்னணி நிமிடத்துக்கு 80 என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிட எண்ணிக்கையில் அதே மீனின் விடை 3 ± 4 ஆகிவிடும். வேறூரில் அளந்த பின்னணியை அங்கே கழித்தால், குற்றமற்ற மீனும் குற்றவாளியாகும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. பின்னணி மாறாதிருக்கிறது என்பதே அதன் அடிப்படை. ஆனால், மழை பெய்தால் காற்றிலுள்ள ராடானின் வழித்தோன்றல்கள் தரையில் இறங்கிப் பின்னணியைச் சிறிது நேரம் உயர்த்தும். இதை அறிய எளிய சோதனை உண்டு. பின்னணியை ஒவ்வொரு நிமிடமாகப் பல முறை எண்ணுங்கள். சராசரி 20 எனில், மூன்றில் இரண்டு பங்கு எண்கள் ஏறத்தாழ 16-க்கும் 24-க்கும் இடையே அமைய வேண்டும். சிதறல் அதைவிட மிகுந்தால் பின்னணி நகர்கிறது அல்லது கருவியில் இரைச்சல் உள்ளது; மிகக் குறைந்தாலும் கருவி எதையோ மறைக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நிகரம் மெய்யென்று உறுதியான பின்னரும் ஒரு கேள்வி எஞ்சும். மீனின் தசையில் இயல்பாகவே பொட்டாசியம்-40 இருக்கிறது. வெறும் எண்ணிக்கை அதையும் சீசியத்தையும் பிரித்துக் காட்டாது. அதற்குக் காமாக் கதிர்களின் ஆற்றலைப் பிரித்தறியும் நிறமாலைமானி வேண்டும். ஆகவே அடுத்த முறை ஓர் எண் உங்களை அச்சுறுத்தினாலோ, 'இல்லை' என்ற ஒரு சொல் உங்களை அமைதிப்படுத்த முயன்றாலோ, மூன்றை மட்டும் கேளுங்கள்: பின்னணி எவ்வளவு, எவ்வளவு நேரம் எண்ணினீர்கள், கண்டறி எல்லை என்ன?