நஷ்டமே இல்லாம வழக்கு ஜெயிக்குமா? ஒரு பனி வயலும் ஒரு டாலரும்

போன எபிசோடில் நெக்லிஜென்ஸ், அதாவது கவனக்குறைவு பத்திப் பேசினோம். அதில் ஒரு விஷயம் சொல்லியிருந்தேன். ஒருத்தர் போனைப் பாத்துக்கிட்டே கார் ஓட்டிட்டு வந்து சிக்னலைத் தாண்டுறார், உங்க பைக்கை ஒரு அடி இடைவெளியில் தவறவிடுறார். உங்களுக்குக் கீறல்கூட இல்லை. போலீஸ் அவருக்கு அபராதம் போடலாம். ஆனா நீங்க கவனக்குறைவுன்னு சொல்லி சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்க முடியாது. அந்த வழக்குக்கு நஷ்டம் என்பது கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு பாகம். அது இல்லைன்னா வழக்கே இல்லை.

இன்னைக்கு அதுக்கு நேர் எதிரான ஒரு விஷயம். அத்துமீறல். ஆங்கிலத்தில் டிரெஸ்பாஸ்னு சொல்றோம். உங்க அனுமதி இல்லாம ஒருத்தர் உங்க நிலத்தில் கால் வெச்சா போதும், ஒரு புல்கூட மிதிபடலைன்னாலும் வழக்கு உண்டு. உங்க உடம்பை அனுமதி இல்லாம தொட்டாலும், அடிக்கப் போற மாதிரி கையை ஓங்கினாலும், சட்ட அதிகாரம் இல்லாம உங்களை ஒரு இடத்தில் அடைச்சு வெச்சாலும் அப்படித்தான். "சரி, உனக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்வியைக் கோர்ட் வாசலில் கேட்கிறதே இல்லை. இழப்பீடு எவ்வளவுன்னு பேசும்போதுதான் அது வரும்.

ஏன் இந்த வித்தியாசம்? கொள்கையா சொல்றதைவிட ஒரு வழக்கை முழுசா பாத்துடலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம். ஜாக் எதிர் ஸ்டீன்பெர்க் ஹோம்ஸ். தீர்ப்பு வந்தது 1997ல், சம்பவம் நடந்தது 1994 பிப்ரவரியில்.

ஸ்டீன்பெர்க் ஹோம்ஸ் மொபைல் ஹோம் விற்கிற கம்பெனி. மொபைல் ஹோம்னா தொழிற்சாலையில் கட்டி, டிரக்கில் இழுத்துட்டு வந்து வைக்கிற முழு வீடு. அப்படி ஒண்ணை ஒரு கிராமப்புற வீட்டுக்காரருக்குக் கொண்டு சேர்க்கணும். அங்க போக ஒரு தனியார் பாதை இருக்கு. ஆனா அதில் சில இடத்தில் ஏழு அடி வரைக்கும் பனி. நடுவில் ஒரு கூர்மையான வளைவு வேற, அதைத் தாண்டணும்னா வீட்டை உருளைகள் மேல வெச்சுத் திருப்பணும். பக்கத்தில் ஒரு வயசான விவசாயத் தம்பதியோட வயல். அதன் குறுக்கே போனா வேலை சுலபமா முடிஞ்சிடும்.

கம்பெனி அனுமதி கேட்டது. தம்பதி முடியாதுன்னாங்க. திரும்பத் திரும்பக் கேட்டது. முடியாதுதான். எவ்வளவு பணம் வேணும்னு கேட்டப்போ, இது பணம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லைன்னு பதில் வந்தது. கம்பெனியின் உதவி மேலாளர் தன் ஆட்களிடம், அவங்க என்ன சொன்னா எனக்கென்ன, எப்படியாவது வீட்டைக் கொண்டு போய்ச் சேருங்கன்னு சொன்னதா சாட்சியம். ஆட்கள் பனியை வெட்டிப் பாதை போட்டு, வீட்டை வயல் வழியாவே இழுத்துட்டுப் போனாங்க.

பிப்ரவரி மாசம். உறைஞ்ச மண்ணு. மேல பயிர் எதுவும் இல்லை. வசந்தத்தில் பனி உருகினா எல்லாம் பழையபடி. நிலத்துக்குச் சேதம் எதுவும் இல்லைன்னு இரண்டு தரப்புமே ஒத்துக்கிட்டாங்க. உள்ளூர் ஷெரிஃப் அலுவலகம் போட்ட அபராதம் 30 டாலர்.

வழக்கு ஜூரி முன்னாடி போச்சு. அவங்க இரண்டு எண் எழுதினாங்க. அத்துமீறலுக்குப் பெயரளவு இழப்பீடா 1 டாலர். வேணும்னே செஞ்சதுக்குத் தண்டனை இழப்பீடா 1,00,000 டாலர். விசாரணை நீதிபதி அந்த ஒரு லட்சத்தை ரத்து செஞ்சார். உண்மையான நஷ்டம் இல்லைன்னா தண்டனைத் தொகையும் கிடையாது என்பது அதுவரைக்கும் அந்த மாநிலத்தில் இருந்த விதி. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. கடைசியா மாநில உச்ச நீதிமன்றம் இரண்டையும் புரட்டி, ஒரு லட்சத்தைத் திரும்பக் கொடுத்தது.

அந்தத் தீர்ப்பின் வாதத்தை என் பாஷையில் சொல்றேன். உங்க நிலத்தில் உங்களுக்கு இருக்கிற முக்கியமான உரிமை, வேண்டாதவங்களை உள்ள விடாம இருக்கிறது. "முடியாது"ன்னு சொல்ற உரிமைதான் சொத்து. அதை மிதிச்சதே பாதிப்பு, மண்ணில் தடம் இருக்கா இல்லையா என்பது வேற கணக்கு. இப்போ கம்பெனி பக்கம் உக்காந்து யோசிங்க. ஒரு பக்கம் ஏழடி பனியை அள்ளி, உருளை வெச்சு வளைவைத் தாண்டுற செலவு. இன்னொரு பக்கம் 30 டாலர் அபராதம், 1 டாலர் இழப்பீடு. எந்த மேனேஜரும் 31 டாலர் வழியைத்தான் எடுப்பார். நஷ்டத்தை நிரூபிச்சாத்தான் வழக்குன்னு சட்டம் வெச்சா, விற்க மாட்டேன்னு சொன்ன ஒருத்தரோட உரிமைக்கு, வாங்க வந்தவரே விலை நிர்ணயிக்கிறார்னு அர்த்தம். அந்த விலை பூஜ்யம். எனக்கு இந்த மொத்த சப்ஜெக்டும் புரிஞ்ச இடம் இதுதான்.

அந்தத் தம்பதி ஏன் அவ்வளவு பிடிவாதமா இருந்தாங்க? இதுக்கு முன்னாடி அவங்க நிலத்தில் கொஞ்சத்தை அட்வர்ஸ் பொசஷனில் இழந்திருந்தாங்க. இன்னொருத்தர் ரொம்ப வருஷம் பகிரங்கமா அனுபவிச்சு, கடைசியில் சட்டப்படி தன்னோடதா ஆக்கிக்கிறது அது. நம்ம ஊரிலும் உண்டு. 1963 லிமிடேஷன் சட்டப்படி தனியார் நிலத்துக்கு 12 வருஷம். குறுக்கு வழியா நடக்கிற பாதை உரிமைக்கு, ஈஸ்மென்ட்ஸ் சட்டப்படி இடைவிடாம 20 வருஷம். இப்போ யோசிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் உங்க காலி மனை வழியா நடக்கிறார். நஷ்டம் ஒரு பைசா இல்லை. நஷ்டம் வந்தாத்தான் வழக்கு போடலாம்னா, 20 வருஷமும் உங்களால கோர்ட்டுக்குப் போக முடியாது. அது முடியிற அன்னைக்கு அவருக்குப் பாதை உரிமை வந்திடும். அதனாலதான் முதல் காலடிக்கே வழக்கு. அந்த 1 டாலர், "இந்த நிலம் இவங்களோடது"ன்னு கோர்ட் எழுதித் தர்ற ரசீது மாதிரி.

இங்க ஒரு சின்ன பக்கவழி, நம்ம துறை ஆட்களுக்காக. நிலத்துக்குக் கிடைக்கிற இந்தப் பாதுகாப்பு எல்லா சொத்துக்கும் அமெரிக்காவில் கிடையாது. இன்டெல் கம்பெனியின் முன்னாள் ஊழியர் ஒருவர், கம்பெனியை விமர்சிச்சு ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு ஆறு தடவை மெயில் அனுப்பினார். எங்க சர்வர்மேல அத்துமீறல்னு இன்டெல் வழக்கு போட்டது. 2003ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூணு என்ற கணக்கில் அதை மறுத்தது. சர்வர் பழுதாகலை, வேகமும் குறையலை, பொருள்மேல அத்துமீறலுக்கு அங்க சேதம் வேணும்னு சொல்லிட்டாங்க. அந்த வாதம் இன்னும் முடியலைன்னுதான் நான் நினைக்கிறேன்.

சரி, உடம்புக்கு வருவோம். இங்க "அனுமதி இல்லாம தொட்டாலே வழக்கு"ன்னா, மின்சார ரயிலில் ஏறினவங்க எல்லாரும் கோர்ட்டில் இருக்கணுமே? 1984ல் காலின்ஸ் எதிர் வில்காக் என்ற இங்கிலாந்து வழக்கில் இதுக்குப் பதில் இருக்கு. ஒரு பெண் பேச விரும்பாம நடந்து போனார். பெண் போலீஸ்காரர் அவர் கையைப் பிடிச்சு நிறுத்தினார். கைது செய்யலை, காயமும் இல்லை. கூட்டத்தில் இடிக்கிறது, கவனத்தைத் திருப்ப லேசா தோளைத் தட்டுறது எல்லாம் அன்றாட வாழ்க்கையில் எல்லாரும் ஏத்துக்கிட்ட தொடுதல், அது அத்துமீறல் இல்லைன்னு நீதிமன்றம் சொன்னது. ஆனா அதிகாரம் இல்லாம பிடிச்சு நிறுத்தினது அந்த எல்லையைத் தாண்டிடுச்சு. ஆக, வலி இருந்ததா என்பது அளவுகோல் இல்லை. பொதுவா ஏத்துக்கிற தொடுதலா என்பதுதான் அளவுகோல்.

அடைச்சு வைக்கிறதில் இது இன்னும் கூர்மையாகுது. 2011ல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் லும்பா வழக்கை விசாரிச்சாங்க. தண்டனை முடிஞ்ச வெளிநாட்டுக் கைதிகளை நாடு கடத்துற வரை அடைச்சே வைக்கணும்னு அரசு ஒரு ரகசியக் கொள்கை வெச்சிருந்தது. வெளியிட்ட கொள்கை வேற மாதிரி இருந்தது. அரசின் வாதம்: சரியான கொள்கையைப் பயன்படுத்தியிருந்தாலும் இவரை அடைச்சிருப்போம், அப்போ இவருக்கு என்ன இழப்பு? பெரும்பான்மை நீதிபதிகள் இரண்டு பகுதியா பதில் சொன்னாங்க. அடைச்சது சட்டவிரோதம், அரசு பொறுப்பு. ஆனா எப்படியும் அடைபட்டிருப்பார் என்பதால் இழப்பீடு 1 பவுண்டு.

ஒரு பவுண்டுன்னா கேலியா தெரியலாம். ஆனா அரசு ஜெயிச்சிருந்தா நிலைமை என்னன்னு பாருங்க. யாரை வேணும்னாலும் எந்த விதியும் பார்க்காம அடைச்சிட்டு, "முறைப்படி செஞ்சிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்"னு பிறகு சொல்லிக்கலாம். இப்போ அடைச்சதுக்குச் சட்ட அதிகாரம் இருந்ததுன்னு நிரூபிக்கிற சுமை அடைச்சவர் தலையில். அதுதான் இந்த விதியின் நிஜமான பலன்.

நம்ம நாட்டில் இதுக்குப் பக்கத்தில் வர்றது 1985ல் வந்த பீம் சிங் வழக்கு. அது டார்ட் வழக்கு இல்லை, அடிப்படை உரிமை மனு. ஜம்மு காஷ்மீர் எம்.எல்.ஏ.வான அவர் சட்டசபைக்குப் போற வழியில் கைது செய்யப்பட்டார். மாஜிஸ்திரேட் முன்னாடி நேரில் நிறுத்தாமலே காவல் உத்தரவு வாங்கினாங்க. அவர் விடுதலையான பிறகும் உச்ச நீதிமன்றம் விஷயத்தை முடிக்கலை. வெளிய விட்டதால மட்டும் தப்பு கழுவப்படாதுன்னு சொல்லி 50,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. சம்பளம் எவ்வளவு போச்சுன்னு யாரும் கணக்கு கேட்கலை.

கடைசியா, கேட்டவங்க அனுப்பின ஒரு கேள்வி. "வாடகைக்கு இருக்கேன். நான் ஆபீஸில் இருக்கும்போது ஓனர் டூப்ளிகேட் சாவி போட்டு உள்ள வந்துட்டுப் போறார். எதுவும் காணாமப் போகலை. வீடு அவரோடது, நான் என்ன செய்ய?"

இந்த விதி காப்பாத்துறது உரிமைப் பத்திரத்தை இல்லை, கையில் இருக்கிற அனுபவத்தை. வாடகை நடப்பில் இருக்கிற வரை அந்த வீட்டுக்குள்ள யார் வரலாம்னு சொல்றது நீங்கதான். ஒப்பந்தமோ வாடகைச் சட்டமோ கொடுக்கிற அனுமதிக்கு வெளிய அவர் வந்தா, ஓனரா இருந்தாலும் அது அத்துமீறல். போலீஸுக்குப் போனா "இது சிவில்"னு சொல்ல வாய்ப்பு அதிகம். அதுக்குக் காரணம் உண்டு. பாரதிய நியாய சம்ஹிதா 329ஆம் பிரிவில் குற்றமாகணும்னா, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமானப்படுத்தவோ தொந்தரவு செய்யவோ நோக்கம் இருக்கணும். சிவிலில் அந்த நோக்கம் தேவையில்லை. அங்க நீங்க கேட்க வேண்டியது இழப்பீடுகூட இல்லை, இனிமே வரக்கூடாதுன்னு ஒரு தடை உத்தரவு. அதுக்கு முன்னாடி, எந்தத் தேதியில் வந்தார், நீங்க எப்போ ஆட்சேபம் சொன்னீங்கன்னு எழுத்தில் அவருக்கே அனுப்பி வெச்சுக்கோங்க. வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் பரவாயில்லை. நீங்க சும்மா இருந்தா, அதைச் சம்மதம்னு அவர் தரப்பு வாதாட முடியும்.