ஆப் போனாலும் படம் இருக்கும்

போனில் இடம் இல்லை என்று வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, "பேக்அப் எடுக்கலையே, எல்லாம் போச்சே" என்று பதறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கையோடு கையாகத் திரும்ப இன்ஸ்டால் செய்யாதீர்கள். முதலில் போனுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தன் சரக்கை இரண்டு இடத்தில் வைக்கிறது. யார் எப்போது என்ன எழுதினார்கள் என்ற பதிவேடு, அந்த ஆப் மட்டுமே திறக்கக்கூடிய உள்ளறையில் இருக்கும். ஆப்பை நீக்கினால் அதுவும் போய்விடும். படம், வீடியோ, வாய்ஸ் நோட், பிடிஎஃப் எல்லாம் வெளியே, போனின் பொதுச் சேமிப்பில் இருக்கும். ஃபைல் மேனேஜரில் இப்படிப் போக வேண்டும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

பழைய போன்களில் சேமிப்பைத் திறந்ததுமே WhatsApp என்ற ஃபோல்டர் கண்ணில் படும். அங்கே இருப்பதை அன்இன்ஸ்டால் தொடாது. புதிய இடம் ஆப்பின் பெயரிலேயே இருப்பதால் போனுக்குப் போன் மாறும். சிலவற்றில் அப்படியே கிடக்கும், சிலவற்றில் ஆப்போடு சேர்ந்து போய்விடும்.

கேலரியில் தேடிவிட்டு "ஒண்ணுமே இல்லை" என்று முடிவு கட்டக்கூடாது. நீங்கள் அனுப்பிய படங்கள் WhatsApp Images ஃபோல்டருக்குள் Sent என்ற இன்னொரு ஃபோல்டரில் இருக்கும். அதைக் காட்டாதே என்று கேலரிக்குச் சொல்லும் .nomedia என்ற மறைகோப்பும் கூடவே இருக்கும். அதனால் ஃபைல் மேனேஜரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே கிடப்பவற்றுக்குப் பெயரே அடையாளம். IMG-20231112-WA0007.jpg என்று ஒரு படம் இருக்கிறது என்று வையுங்கள். அது 2023 நவம்பர் 12, அந்த வருடத் தீபாவளி நாள். WA-வுக்குப் பின்னால் வருவது அன்றைய வரிசை எண். ஆனால் அது படம் போனுக்கு வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. 1980-இல் எடுத்த கல்யாணப் படத்தை யாராவது நேற்று அனுப்பியிருந்தால் பெயரில் நேற்றுதான் இருக்கும். யார் அனுப்பியது, எந்தக் குரூப்பில் வந்தது என்பதும் பெயரில் இருக்காது. அந்தத் தொடர்பு பதிவேட்டோடு போய்விட்டது. PTT என்று தொடங்கி .opus என்று முடிபவை வாய்ஸ் நோட்டுகள். பெயரைப் பார்த்து யார் குரல் என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

Media ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே Databases என்று ஒன்று இருக்கும். பலரும் திறந்தே பார்க்காத இடம் அது. கூகுள் டிரைவில் பேக்அப் போடாதவர்களுக்கும் வாட்ஸ்அப் தினமும் விடியற்காலை 2 மணிக்குப் பதிவேட்டைப் பூட்டி ஒரு நகல் எடுத்து இங்கே வைக்கிறது. msgstore.db.crypt14 அல்லது crypt15 என்று பெயர். கடைசி ஏழு நாட்கள் வரைக்குமான நகல்கள் இருக்கலாம். இந்த ஃபைல் இருந்தால் எழுத்தும் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது.

அதற்கு, முதலில் அந்த WhatsApp ஃபோல்டர் முழுவதையும் கம்ப்யூட்டருக்கோ பென் டிரைவுக்கோ காப்பி செய்யுங்கள். கட் செய்யாதீர்கள், பெயரை மாற்றாதீர்கள், படங்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தாதீர்கள். பதிவேட்டில் ஒவ்வொரு படமும் அதன் ஃபோல்டரும் பெயரும் வைத்துத்தான் குறிக்கப்பட்டிருக்கும். இடம் மாறினால் சாட் திரும்பி வந்தாலும் படம் இருந்த இடத்தில் மங்கலான கட்டம்தான் தெரியும்.

காப்பி முடிந்த பிறகு அதே போனில் ஆப்பைப் போட்டு, அதே நம்பரைக் கொடுங்கள். ஓடிபி சரிபார்த்ததும் பேக்அப் இருப்பதாகச் சொல்லி Restore கேட்கும். அவசரத்தில் Skip அழுத்துவதுதான் பெரும்பாலும் நடக்கும் விபத்து. அழுத்திவிட்டால் காலியான பதிவேட்டோடு ஆப் ஓடத் தொடங்கும். அன்றிரவு 2 மணிக்கு அந்தக் காலிப் பதிவேட்டுக்கே நகல் எடுத்துவிடும். அதற்குள் ஆப்பை நீக்கி, எடுத்து வைத்த காப்பியிலிருந்து Databases ஃபோல்டரைத் திரும்ப வைத்து, மறுபடி தொடங்கலாம். பேக்அப்புக்குத் தனியாகப் பாஸ்வேர்டு போட்டிருந்தவர்களுக்கு அது நினைவில் இருந்தாக வேண்டும்.

வந்தும் டவுன்லோடு செய்யாமல் விட்ட படம் இந்த ஃபோல்டரில் இருக்காது. ஐபோனில் ஆப்பை நீக்கினால் அதற்குள் இருந்த எல்லாமே போய்விடும், போட்டோஸில் சேமித்தவை மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டவர்கள் எதிர்முனையில் இருப்பவரைக் கேட்கலாம். அவர் போனில் அந்த உரையாடல் அப்படியேதான் இருக்கும். அவர் Export chat அழுத்தி, படங்களோடு சேர்த்து மெயிலில் அனுப்பலாம். அது உங்கள் வாட்ஸ்அப்புக்குள் திரும்பப் போகாது, ஆனால் யார் என்றைக்கு என்ன சொன்னார்கள் என்பதை வரிசையாகப் படித்துக்கொள்ளலாம்.