ஒரே எண்ணைப் பின்தொடர்ந்தால்: சுடோகுவின் எக்ஸ்-விங், ஸ்வார்ட்ஃபிஷ்

நாளிதழில் 'கடினம்' என்று போட்டு வரும் சுடோகுவில் பலரும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். பாதிக் கட்டங்கள் நிரம்பியிருக்கும். மீதிக் கட்டங்களின் மூலையில் பென்சிலால் சின்னச் சின்னதாக, அங்கே வரக்கூடிய எண்களை எழுதி வைத்திருப்போம். ஜோடிகளையும் தேடிப் பார்த்திருப்போம். ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களில் 3, 8 என்ற இரண்டு எண்கள் மட்டுமே இருந்தால், அவை அந்த இரண்டு கட்டங்களுக்கே சொந்தம். வரிசையின் மற்ற கட்டங்களிலிருந்து அவற்றை அழித்துவிடலாம். மூன்று கட்டங்களில் மூன்றே எண்கள் என்று வந்தாலும் அதே கணக்குத்தான். அதற்குப் பிறகும் ஒன்றும் நகராது. பலர் அங்கே ஏதாவது ஓர் எண்ணை ஊகமாகப் போட்டுப் பார்க்கத் தொடங்குவார்கள். அதற்குத் தேவையே இல்லை.

ஜோடி, மும்மை இரண்டும் ஒரு வரிசையையோ ஒரு பெட்டியையோ எடுத்துக்கொண்டு, அதற்குள் பல எண்களைப் பார்க்கும் முறைகள். இப்போது அதைத் திருப்பிப் போட வேண்டும். ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, 81 கட்டங்களிலும் அது எங்கெங்கே வரக்கூடும் என்று பார்க்க வேண்டும். மற்ற எட்டு எண்களும் அந்த நேரத்துக்கு இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இடமிருந்து வலமாகப் போவதை வரிசை என்றும், மேலிருந்து கீழாகப் போவதை நிரல் என்றும், மூன்றுக்கு மூன்று சதுரத்தைப் பெட்டி என்றும் இங்கே சொல்கிறேன்.

இந்தப் படத்தில் 7 மட்டும் இருக்கிறது. நிரம்பிவிட்ட இடத்தில் 7 என்ற எண்ணும், இன்னும் வர வாய்ப்புள்ள இடத்தில் நட்சத்திரமும் போட்டிருக்கிறேன்.

```
1   . . . | . 7 . | . . .
2   . . * | . . . | . * .
3   * . . | . . . | . . *
    ------+-------+------
4   * . . | . . . | * . *
5   . * * | . . . | . * .
6   . . . | . . 7 | . . .
    ------+-------+------
7   . . * | . . . | . * .
8   * * . | . . . | * . .
9   . . . | 7 . . | . . .
```

எந்த வரிசையிலும், நிரலிலும், பெட்டியிலும் ஒற்றை நட்சத்திரம் இல்லை. ஒரு பெட்டியின் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நமக்கு உதவுவதும் இல்லை. ஆனால் 2-ஆம் வரிசையையும் 7-ஆம் வரிசையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டிலுமே 7 வரக்கூடிய இடங்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டும் அதே 3-ஆம் நிரல், அதே 8-ஆம் நிரல். நான்கு நட்சத்திரங்களும் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளாக நிற்கின்றன.

2-ஆம் வரிசையில் 7 எப்படியும் வந்தாக வேண்டும். அது 3-ஆம் நிரலில் உட்கார்ந்தால், 7-ஆம் வரிசையின் 7-க்கு அந்த நிரல் அடைபட்டுவிடும். அது 8-ஆம் நிரலுக்குத்தான் போக வேண்டும். மாறாக, 2-ஆம் வரிசையின் 7 எட்டாம் நிரலில் உட்கார்ந்தால், 7-ஆம் வரிசையின் 7 மூன்றாம் நிரலுக்குப் போகும். இரண்டில் எது நடக்கும் என்று இப்போது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எது நடந்தாலும் 3-ஆம் நிரலுக்கு ஒரு 7, எட்டாம் நிரலுக்கு ஒரு 7 இந்த இரண்டு வரிசைகளிலிருந்தே கிடைத்துவிடுகிறது. ஆகவே அந்த இரண்டு நிரல்களிலும் வேறெங்கும் 7-க்கு இடமில்லை.

படத்தில் அப்படி அழிய வேண்டியவை இரண்டு: 5-ஆம் வரிசையின் 3-ஆம் கட்டம், அதே வரிசையின் 8-ஆம் கட்டம். இரண்டையும் அழித்தால் 5-ஆம் வரிசையில் மிஞ்சுவது 2-ஆம் கட்டம் மட்டுமே. அங்கே 7 போடலாம், ஊகமில்லாமல், பேனாவிலேயே. அது உட்கார்ந்தவுடன் அதே நிரலில் 8-ஆம் வரிசையில் இருந்த வாய்ப்பும், அதே பெட்டியில் 4-ஆம் வரிசையின் முதல் கட்டத்தில் இருந்த வாய்ப்பும் போய்விடும். நடுவில் இருக்கும் 5-ஆம் வரிசையின் சிக்கல், அதற்கு மேலும் கீழும் தள்ளி நிற்கும் இரண்டு வரிசைகளால் தீர்கிறது. ஒரு வரிசையை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது கண்ணில் படாது.

இதற்கு எக்ஸ்-விங் என்று பெயர். செவ்வகத்தின் எதிரெதிர் மூலைகளில்தான் எண் உட்கார முடியும் என்பதால், இரண்டு சாத்தியங்களையும் கோடாக இழுத்தால் எக்ஸ் எழுத்து வரும். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் போர் விண்கலத்துக்கும் இதே பெயர். இதையும் இதன் பெரிய வடிவங்களையும் சேர்த்து சுடோகு ஆட்டக்காரர்கள் மீன்கள் என்பார்கள்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, செவ்வகம் தெரிந்தவுடன் மகிழ்ந்துபோய், அந்த வரிசைகளில் மூன்றாவதாக ஒரு நட்சத்திரம் இருப்பதைப் பார்க்காமல் விடுவது. மேலே உள்ள படத்தில் 2-ஆம் வரிசையின் 9-ஆம் கட்டத்திலும் 7 வரலாம் என்றிருந்தால், வாதம் முழுவதும் உடைந்துவிடும். அந்த வரிசையின் 7 ஒன்பதாம் நிரலுக்குத் தப்பிப் போகலாம், அப்போது 5-ஆம் வரிசையில் எதையும் அழிக்க உரிமை இல்லை. பென்சில் குறிப்பைச் சோம்பலாக எழுதியிருந்தாலும் இதே ஆபத்துதான். எழுதாமல் விட்ட ஒரு குறிப்பு, இல்லாத மீனைக் காட்டும். அதனால் அழிப்பதற்கு முன் அந்த இரண்டு வரிசைகளின் காலிக் கட்டங்களை மட்டுமாவது மறுபடி ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பெரும்பாலும் ஐந்தாறு கட்டங்கள்தான் இருக்கும்.

இரண்டாவது, அழிக்கும் திசையை மாற்றிவிடுவது. வரிசையில் 'இரண்டே இடம்' என்று கண்டுபிடித்தால் நிரலில் அழிக்க வேண்டும். நிரலில் 'இரண்டே இடம்' என்று கண்டுபிடித்தால் வரிசையில் அழிக்க வேண்டும். தேடிய திசையில் அழிக்க எதுவும் இருக்காது, அங்கே இரண்டே இடம் என்பதுதானே தொடக்கம். தேடிய வரிசையிலேயே அழிக்க ஏதோ இருக்கிறது என்று தோன்றினால், அது மீனே இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். தவறாக அழித்த ஒரு குறிப்பு உடனே காட்டிக்கொடுக்காது. பத்துப் பதினைந்து எண்கள் போட்ட பிறகு, ஏதோ ஒரு நிரலில் ஓர் எண்ணுக்கு இடமே இல்லாமல் போகும்போதுதான் தெரியவரும்.

இப்போது மூன்று வரிசைக்கு வருவோம். இதன் பெயர் ஸ்வார்ட்ஃபிஷ், அதாவது வாள்மீன். மூன்று வரிசைகளில் ஓர் எண்ணின் வாய்ப்புகள் எல்லாம் சேர்ந்து மூன்றே நிரல்களுக்குள் அடங்கினால், அந்த மூன்று நிரல்களின் மற்ற கட்டங்களில் அந்த எண் வராது. விதி எளிது, கண்ணில் படுவதுதான் கடினம். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று வாய்ப்புகளும் இருக்க வேண்டும் என்று நினைத்துத் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வரிசைக்கு இரண்டே இருந்தாலும் போதும். இந்தப் படம் 4-க்கு உரியது.

```
1   . . * | . * * | . . .
2   * . . | . * . | . . .
3   . . . | . . . | . . 4
    ------+-------+------
4   . . . | . * . | * . .
5   . . . | . . * | * * .
6   . 4 . | . . . | . . .
    ------+-------+------
7   . . . | 4 . . | . . .
8   * . * | . . . | . * .
9   * . . | . . . | * . .
```

2-ஆம் வரிசையில் 4 வரக்கூடியது 1, 5 ஆகிய நிரல்களில். 4-ஆம் வரிசையில் 5, 7. ஒன்பதாம் வரிசையில் 1, 7. எந்த இரண்டு வரிசைகளை எடுத்தாலும் செவ்வகம் கிடைக்காது. மூன்றையும் சேர்த்தால் 1, 5, 7 என்ற மூன்று நிரல்களுக்கு மேல் போகவில்லை. 2-ஆம் வரிசையின் 4 முதல் நிரலில் என்று வைத்தால், ஒன்பதாம் வரிசை 7-ஆம் நிரலுக்குத் தள்ளப்படும், அதனால் நான்காம் வரிசை 5-ஆம் நிரலுக்குத் தள்ளப்படும். ஐந்தாம் நிரலில் என்று வைத்தால் நான்காம் வரிசை 7-க்கும் ஒன்பதாம் வரிசை 1-க்கும் போகும். இரண்டு வழியிலும் மூன்று நிரல்களும் நிரம்பிவிடுகின்றன.

ஆகவே அந்த நிரல்களில் மற்ற நட்சத்திரங்கள் போக வேண்டும்: முதல் வரிசையின் 5-ஆம் கட்டம், ஐந்தாம் வரிசையின் 7-ஆம் கட்டம், எட்டாம் வரிசையின் முதல் கட்டம். அழித்த பிறகும் 4 எங்கேயும் நேரடியாக உட்காரவில்லை. எக்ஸ்-விங்கில் கிடைத்தது போல உடனடிப் பலன் இல்லை என்று ஏமாந்துவிட வேண்டாம். அழித்த கட்டத்தில் வேறு என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் வரிசையின் 7-ஆம் கட்டத்தில் 4, 8 என்ற இரண்டே குறிப்புகள் இருந்திருந்தால், இப்போது அங்கே 8 மட்டுமே. பூட்டு திறப்பது வேறோர் எண்ணின் வழியாக. ஸ்வார்ட்ஃபிஷ் பலமுறை இப்படித்தான் உதவுகிறது.

எல்லா எண்களுக்கும் இவ்வளவு தேட வேண்டுமா? வேண்டாம், இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மேலே உள்ள படத்தையே நிரல் வழியாகப் பாருங்கள். 3-ஆம் நிரலில் 4 வரக்கூடியது 1, 8 வரிசைகளில். 6-ஆம் நிரலில் 1, 5. எட்டாம் நிரலில் 5, 8. இதுவும் ஒரு ஸ்வார்ட்ஃபிஷ். அழிப்பதும் அதே மூன்று கட்டங்களைத்தான். 4 இன்னும் ஆறு வரிசைகளில் உட்கார வேண்டும். மூன்று வரிசைகள் மூன்று நிரல்களைப் பிடித்துக்கொண்டால், மிஞ்சிய மூன்று நிரல்களுக்கு மிஞ்சிய மூன்று வரிசைகள்தான் கதி. ஒரு திசையில் மீன் இருந்தால் மறுதிசையில் அதன் மறுபாதி எப்போதும் இருக்கும்.

இதிலிருந்து தேடும் ஒழுங்கு கிடைக்கிறது. ஓர் எண் ஏற்கெனவே ஆறு இடங்களில் நிரம்பியிருந்தால், மிச்சம் மூன்று வரிசைகளே. அங்கே எக்ஸ்-விங் இருந்தாலும் அதன் மறுபாதி ஒரு நிரலில் ஒற்றை இடம் என்று எளிதாகவே தெரிந்துவிடும். மீன் தேடுவது வீண். நான்கு அல்லது ஐந்து இடங்களில் நிரம்பிய எண்ணுக்கு எக்ஸ்-விங் மட்டும் தேடினால் போதும், ஆனால் வரிசை வழியாக ஒருமுறை, நிரல் வழியாக ஒருமுறை. அங்கே ஒரு ஸ்வார்ட்ஃபிஷ் ஒளிந்திருந்தால் மறுதிசையில் அதைவிடச் சிறிய வடிவமாகவே அது தெரியும். ஸ்வார்ட்ஃபிஷ் உண்மையில் தேவைப்படுவது மூன்றோ அதற்குக் குறைவாகவோ நிரம்பிய எண்களுக்குத்தான். நான்கு வரிசை மீனும் உண்டு, ஜெல்லிஃபிஷ் என்பார்கள். ஐந்து வரிசை மீனைத் தேட வேண்டியதே இல்லை: மொத்தம் ஒன்பது வரிசைகள்தான் என்பதால், அதன் மறுபாதி நான்கைத் தாண்டாது.