கடவுச்சீட்டு இப்போது எங்கே?

சிங்கப்பூர்க் குடிமக்கள் விமானத்தில் கனடாவுக்குச் சுற்றுலா செல்ல விசா தேவையில்லை. மின்னியல் பயண அனுமதி போதும். இங்கு வேலை செய்யும் இந்திய நாட்டவர்களில் பெரும்பாலோருக்கோ விசா வேண்டும். அவர்கள் முதலில் இணையம்வழி விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்ட பிறகே, கடவுச்சீட்டை அனுப்பும்படி கடிதம் வரும். அதை 30 நாளுக்குள் விசா மையத்திடம் சேர்க்க வேண்டும். நேரில் செல்ல முடியாதவர்கள் கூரியரில் அனுப்பலாம்.

சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் வேலை செய்பவர் திங்கட்கிழமை தம் கடவுச்சீட்டை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தின் நகலையும் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தையும் உறைக்குள் வைக்கிறார். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் மையம் வேலையைத் தொடங்காமல் காத்திருக்கக்கூடும். செவ்வாய்க்கிழமை, கூரியர் நிறுவனத்தின் இணையப்பக்கம் 'சேர்ப்பிக்கப்பட்டது' என்று காட்டுகிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் அதே சொல்தான். அவர் கவலைப்படுகிறார். உண்மையில், அந்த எண்ணின் வேலை செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. அது உறையின் எண். விண்ணப்பத்தின் எண் அன்று. கடவுச்சீட்டு விசா அலுவலகத்திற்குப் போனதா, திரும்பியதா என்பதை மையம் தந்த குறிப்பெண்ணைக் கொண்டுதான் அறிய முடியும்.

கடவுச்சீட்டு திரும்பி வரும்போது மூன்றாவதாக ஓர் எண் கிடைக்கிறது. இங்கும் ஒரு குழப்பம் உண்டு. 'முகவரிச்சீட்டு உருவாக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால், உறை இன்னும் கூரியர் ஊழியரின் கைக்கு வரவில்லை என்று பொருள். அப்போது விசாரிக்க வேண்டிய இடம் மையமே. 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற பதிவுக்குப் பிறகு தாமதமானால், கூரியர் நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் தாமதத்துக்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு புளோக்கை மட்டுமே காட்டும். அதில் நூறு வீடுகளுக்குமேல் இருக்கலாம். மாடி எண்ணும் வீட்டு எண்ணும் விடுபட்டால் உறை திரும்பிப் போய்விடும். ஆகவே, முதலில் முகவரியைச் சரிபார்க்க வேண்டும். 'சேர்ப்பிக்கப்பட்டது' என்று இருந்தும் உறை கையில் கிடைக்காவிட்டால், யார் கையொப்பமிட்டார் என்று கூரியர் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டாரோ பாதுகாவலரோ வாங்கி வைத்திருக்கலாம்.

பதற்றத்தில் உடனே 'தொலைந்துவிட்டது' என்று புகார் கொடுப்பது சரியன்று. அப்படிப் பதிவான கடவுச்சீட்டு செல்லாததாகிவிடும். மறுநாளே உறை கிடைத்தாலும் அதைக் கொண்டு பயணம் செய்ய முடியாது. 2002ஆம் ஆண்டிலிருந்து இன்டர்போல் நடத்தும் தொலைந்த ஆவணங்களின் பட்டியலை எல்லைச் சோதனைச்சாவடிகள் பார்க்கின்றன. உறை காணாமற்போனதைக் கூரியர் நிறுவனம் எழுத்தில் உறுதிசெய்த பிறகு காவல்துறையில் புகார் செய்து, அதன் நகலுடன் இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். விசா அலுவலகத்திற்கும் தெரிவிக்க வேண்டும். ஏனெனில், விசா ஒட்டப்பட்ட ஏடும் அந்த உறைக்குள்தான் இருந்தது.