ராத்திரிச் சிறுநீரை அளந்து பாருங்கள்

அறுபதைத் தாண்டிய ஆண் ராத்திரியில் மூன்று முறை எழுந்தால், வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ப்ராஸ்டேட்டா இருக்கும், டாக்டரைப் பாருங்க." பலருக்கு அது பாதி உண்மை. சிலருக்கு ப்ராஸ்டேட்டுக்கும் அந்த விழிப்புக்கும் சம்பந்தமே இருக்காது. எது என்று பிரித்தறிய முதலில் வேண்டியது அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் ஒரு நோட்டும்தான்.

மூன்று நாள் ஒவ்வொரு முறையும் குவளையில் பிடித்து, நேரத்தையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். குடித்ததையும் எழுதுங்கள். படுக்கப் போகும்முன் கழிப்பது பகல் கணக்கு. விடிந்து எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் இரவுக் கணக்கு. அது தூக்கத்தில் சேர்ந்தது அல்லவா? இந்த இடத்தில்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது.

68 வயதுக்காரர் ஒருவரின் நோட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணிக்குப் படுக்கிறார். 12 மணிக்கு 350 மி.லி., இரண்டரைக்கு 300, நாலரைக்கு 250, காலை ஆறுக்கு 300. இரவில் மட்டும் 1,200. பகல் முழுக்க 900தான். வயதானவர்களுக்கு மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்கு வரை இரவில் போகலாம். இவருக்குப் பாதிக்கு மேல் போகிறது. ஆனால் ஒரே தடவையில் 350 மி.லி. வரை இவரது சிறுநீர்ப்பை தாங்குகிறது. ஆக, பையின் கொள்ளளவு குறையவில்லை, அதில் வந்து சேரும் தண்ணீர்தான் அதிகம். இவருக்கு ப்ராஸ்டேட் மாத்திரை மட்டும் கொடுத்தால் பெரிதாகப் பலன் இருக்காது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நோட்டின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். ஆறரைக்கு ஃபில்டர் காபி, எட்டரைக்கு ரசமும் மோரும், ஒன்பதரைக்கு மாத்திரையோடு ஒரு சொம்பு தண்ணீர், படுக்கும்போது ஒரு டம்ளர் பால். காபியில் உள்ள காஃபினில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அது சிறுநீரைக் கூட்டுவதோடு தூக்கத்தையும் மெலிதாக்குகிறது. தூக்கம் கலைந்ததால் எழுந்து போகிறவர்கள் நிறைய உண்டு. டீயும் கோலாவும் இதே கணக்கில்தான் வரும். கடைசிக் காபியை மதியத்தோடு நிறுத்தி, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே குடிப்பதை முடித்துக்கொண்டால், ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். மாத்திரைக்கு இரண்டு மூன்று வாய் தண்ணீர் போதும். குறைப்பது மாலையில் மட்டும்தான். அந்தத் தண்ணீரைக் காலையிலும் மதியத்திலும் குடித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் கல்லும் வரும், கெட்டியான சிறுநீர் பையை உறுத்தவும் செய்யும்.

குறைத்தும் இரவு அளவு இறங்கவில்லையா? சாயங்காலம் கணுக்காலுக்கு மேல் எலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால், பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக வெளியேறுகிறது என்று பொருள். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்திருந்தால், அந்த நீரில் ஒரு பகுதி தூங்கும் முன்பே இறங்கிவிடும். ஊறுகாய், அப்பளம் போன்ற உப்புப் பண்டங்களையும் குறைக்க வேண்டும். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளாலும் கால் வீங்கும். நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போடுகிறவர்கள் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். மூச்சு வாங்குதலோடு கால் வீங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரு நாள் மொத்தமே மூன்று லிட்டரைத் தொட்டால் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

நோட்டு வேறு மாதிரியும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் எண்பது, நூறு மி.லி.தான், பகலிலும் அடிக்கடி. நின்று காத்திருந்தால்தான் வருகிறது, தாரை மெலிந்து விட்டு விட்டுப் போகிறது, முடித்த பிறகும் பாக்கி இருப்பதாகத் தோன்றுகிறது. இவர் ப்ராஸ்டேட்டைப் பரிசோதிக்க வேண்டியவர். டாக்டர் விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். சிறுநீர், கிரியாட்டினின் பரிசோதனைகளும், கழித்த பிறகு பையில் எவ்வளவு மீதி என்று காட்டும் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்.

பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்குப் பலர் பயப்படுகிறார்கள். சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூட அது கூடும். கூடியிருந்தால் புற்றுநோய் என்று முடிவு கட்ட முடியாது. ஆரம்பநிலைப் புற்றுநோய் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது என்பதால், சிறுநீர் நன்றாகப் போவதை வைத்து அது இல்லையென்றும் சொல்ல முடியாது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ ப்ராஸ்டேட் புற்றுநோய் இருந்தால் அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் வந்து தானாக நின்றுபோனாலும் காட்ட வேண்டும். புதிதாகத் தூக்கத்தில் படுக்கை நனைந்தால், பை நிரம்பி வழிகிறதோ என்று பார்க்க வேண்டும். முட்டியும் ஒரு சொட்டுக்கூட வராமல் அடிவயிறு கல்லாகிவிட்டால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ப்ராஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சளிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையே இந்த அடைப்பைக் கொண்டு வரக்கூடும்.