ஏறிப் பிடித்தது காலாட்படை, பெயர் பீரங்கிக்கு

திராஸ் ஊருக்கு மேலே நிற்கும் அந்தச் சிகரத்தை, அதன் உயரத்தை மீட்டரில் குறித்து ‘பாயிண்ட் 5140’ என்றே ராணுவத்தில் அழைத்தார்கள். 1999 ஜூன் 20 விடிவதற்குள் பாகிஸ்தான் படையினரிடமிருந்து அதை மீட்டது, 13 ஜம்மு காஷ்மீர் ரைஃபிள்ஸ் என்ற காலாட்படைப் பட்டாலியன். 2022-ல் அதற்கு ‘கன் ஹில்’ என்று பெயர் சூட்டினார்கள். ஏறிப் பிடித்தவன் காலாட்படைக்காரன். பெயரில் இருப்பதோ பீரங்கி.

இதில் முரண்பாடு எதுவுமில்லை. இந்திய ராணுவத்தில் எதிரியோடு நேரடியாக மோதி இடத்தைப் பிடிக்கும் வேலை காலாட்படைக்கும் டாங்கிப் படைக்கும் உரியது. அந்தச் சண்டை நடக்கும்போதே கூட நின்று உதவுபவை பீரங்கிப் படை, பொறியாளர் படை, சிக்னல்ஸ் ஆகியவை. இவை அனைத்தையும் ‘ஆர்ம்ஸ்’ என்பார்கள். ரேஷன், எரிபொருள், வண்டி, மருத்துவம், பழுதுபார்ப்பு என்று படையை ஓடவைப்பவை ‘சர்வீசஸ்’. முன்னவர்களுக்குத்தான் ஆபத்து, பின்னவர்கள் பத்திரமாக இருப்பார்கள் என்று நினைப்பது தப்பு. எதிரியின் பதுங்குகுழிக்குள் போய் இறங்குவது யார் கடமை என்பதுதான் கேள்வி.

கார்கிலின் செங்குத்துச் சரிவுகளில் டாங்கி ஏறாது. ஆனால் அதே நெடுஞ்சாலையில் உள்ள சோஜி லா கணவாயில், 1948 நவம்பர் 1 அன்று டாங்கிகள் புகுந்து எதிரியைத் திகைக்கவைத்தன. கழுதைப் பாதையை டாங்கி போகும் அளவுக்கு அகலப்படுத்திக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள், அதாவது பொறியாளர் படையினர்.

5140-க்கு வருவோம். மலையேறும் காலாட்படை கம்பெனியோடு பீரங்கிப் படை அதிகாரி ஒருவரும் ஏறுவார். அவர் கையில் பீரங்கி இருக்காது. வரைபடமும் பைனாகுலரும் வயர்லெஸ் செட்டும்தான். பீரங்கிகள் பல கிலோமீட்டர் பின்னால், மலைக்கு இந்தப் பக்கம் நிற்கும். சுடுகிறவர்களுக்கு இலக்கே தெரியாது. முதல் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து, ‘இன்னும் நூறு மீட்டர் தள்ளி, ஐம்பது மீட்டர் இடப்பக்கம்’ என்று இவர் திருத்தம் சொல்லச் சொல்ல, அடுத்தடுத்த குண்டுகள் இலக்கை நெருங்கும்.

அவருக்கு உள்ள கஷ்டமான முடிவு, எப்போது நிறுத்தச் சொல்வது என்பதுதான். சீக்கிரம் நிறுத்தினால், பதுங்கியிருந்த எதிரி தலைதூக்கி இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துவிடுவான். தாமதித்தால் குண்டு நம்மவர் மேலேயே விழும். கார்கிலில் போஃபர்ஸ் பீரங்கிகளைச் சிகரம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே கொண்டுவந்து நேரடியாகவும் சுட்டார்கள். குறி துல்லியமாக அமைந்தது. ஆனால் நாம் அவனைப் பார்க்க முடிந்தால் அவனும் நம்மைப் பார்க்கலாம். பீரங்கிக்காரர்களும் எதிரியின் குண்டுக்கு நேராக நின்றார்கள்.

சிகரம் விழுந்த செய்தி வயர்லெஸ்ஸில் வந்தது. கம்பெனியை நடத்திய விக்ரம் பத்ரா வைத்திருந்த வெற்றிக் குறிச்சொல் ஒரு குளிர்பான விளம்பர வாசகம்: ‘யே தில் மாங்கே மோர்’. நாடே அறிந்த கதை இது. அதிகம் பேசப்படாதது, அந்தச் செய்தி போகும் வழி. பட்டாலியனுக்குள் வயர்லெஸ் தூக்குபவர் காலாட்படைக்காரரே. பட்டாலியனைப் பிரிகேடோடும், அதற்கு மேலும் இணைப்பதுதான் சிக்னல்ஸ் படையின் வேலை. கடுங்குளிரில் பேட்டரி விரைவில் தீரும். தரையில் இழுத்த தொலைபேசிக் கம்பியைக் குண்டு அறுத்துவிடும். அறுந்த இடத்தைத் தேடி, கம்பியைக் கையில் பிடித்தபடியே ஒரு சிப்பாய் இருட்டில் நடக்க வேண்டும்.

கடைசியாக ஆர்மி சர்வீஸ் கோர், சுருக்கமாக ஏ.எஸ்.சி. ஒரு போஃபர்ஸ் குண்டு 40 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. 100 குண்டு என்றால் ஒரு லாரிக்குப் போதுமான பாரம்; சுட ஆரம்பித்தால் நிமிடக் கணக்கில் தீர்ந்துபோகும். ஸ்ரீநகரிலிருந்து வரும் ஒரே சாலையை மேலிருந்து எதிரி பார்த்துக்கொண்டிருந்ததால், லாரிகள் இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓடின. சாலை முடிந்த இடத்திலிருந்து கோவேறு கழுதைகள் சுமந்தன. கழுதையும் ஏற முடியாத இடத்தில் ஆட்கள் முதுகில் சுமந்தார்கள். முதுகில் ஏறுவது இத்தனை கிலோதான் என்னும்போது, சாப்பாட்டைக் குறைத்துத் தோட்டாவைக் கூட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஜூலையில் சண்டை ஓய்ந்தது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் காலிசெய்துவிட்டு இறங்கிய சிகரங்களில், இனி ஆண்டு முழுக்க ஆள் இருக்க வேண்டும் என்று முடிவானது. ஒவ்வொரு காவல் நிலைக்கும் மாதக்கணக்கில் தேவைப்படும் மாவு, பருப்பு, மண்ணெண்ணெய், கம்பளி உடுப்பு எல்லாவற்றையும், சோஜி லாவைப் பனி மூடுவதற்குள் மேலே சேர்த்தாக வேண்டும். காலாட்படை வென்ற பிறகுதான் ஏ.எஸ்.சி.க்கு உண்மையான அவசரம் ஆரம்பித்தது.